தனி அறை, நாலு ராத்திரி: முழங்கால் மாற்று எஸ்டிமேட்டில் 75,000 ரூபாய் எங்கே போகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் 2,50,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பெயரில் 4 லட்ச ரூபாய்க்கு மெடிக்ளெய்ம் பாலிசி இருக்கிறது, நாலாவது வருஷம் ஓடுகிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண், "எப்படியும் எழுபத்தஞ்சாயிரம் கையிலிருந்து கட்டற மாதிரி இருக்கும்" என்கிறார். 4 லட்சம் பாலிசிக்கு இரண்டரை லட்சம் பில் முழுதாக வர வேண்டாமா? எங்களை ஏமாற்றுகிறார்களா? எஸ்டிமேட்டையும் அதன் துணைத்தாளையும், ஆஸ்பத்திரியின் கட்டண அட்டையையும், பாலிசியின் முதல் இரண்டு பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.
(தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி)

*எஸ்டிமேட்டில் உள்ளவை:*
தனி ஏ.சி. அறை 5,400 + நர்சிங் 600, நாலு நாள்: 24,000
அறை வாடகைக்கு ஜி.எஸ்.டி.: 1,080
ஐ.சி.யூ. ஒரு நாள்: 8,000
சர்ஜன் 45,000, உதவி சர்ஜன் 9,000, மயக்க மருந்து டாக்டர் 13,500, தியேட்டர் 22,500, டாக்டர் விசிட் 6,000, பிசியோதெரபி 3,000: மொத்தம் 99,000
இம்ப்ளான்ட் 56,000, எலும்பு சிமெண்ட் 6,000: மொத்தம் 62,000
மருந்துகள்: 24,000
சர்ஜிக்கல் டிஸ்போசபிள்ஸ்: 16,000
ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எக்கோ: 9,000
அட்மிஷன், ஃபைல், நிர்வாகக் கட்டணம்: 2,420
முழங்கால் பிரேஸ், வாக்கர்: 4,500

பதில்: ஏமாற்றவில்லை. அந்தப் பெண் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரி. நீங்கள் அனுப்பிய பாலிசிப் பக்கங்களை வைத்து நான் போட்ட கணக்கில் 75,400 ரூபாய் வருகிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த 75,400-இல் பாதிக்கு மேல் எஸ்டிமேட்டின் முதல் வரியிலிருந்து பிறக்கிறது. அந்த வரியை மாற்றும் உரிமை இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அட்மிஷன் போட்ட பிறகு இருக்காது.

பாலிசியின் முதல் பக்கத்தில் "அறை வாடகை: ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1%" என்று இருக்கிறது. 4 லட்சத்தில் 1% என்றால் 4,000 ரூபாய். ஐ.சி.யூ.வுக்கு 2%, அதாவது 8,000. இங்கே பலர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கான போனஸ் சேர்ந்து காப்பீட்டுத் தொகை கூடியிருந்தாலும் பெரும்பாலான பாலிசிகளில் இந்த 1% அடிப்படைத் தொகையின் மேல்தான் கணக்காகும். இரண்டாவது, உங்கள் பாலிசியில் "அறை, உணவு, நர்சிங் கட்டணம் சேர்த்து" என்று எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரி போர்டில் 3,800 ரூபாய் அறை என்று பார்த்துவிட்டு "நாலாயிரத்துக்குள்ளேதானே" என்று எடுப்பார்கள். நர்சிங் 600 தனியாக ஏறி 4,400 ஆகிவிடும், வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "ரூம் வாடகை எவ்வளவு" என்பதல்ல. "நர்சிங், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ரூம் கணக்கில் எவ்வளவு பில் ஆகும்" என்று கேளுங்கள்.

உங்கள் எஸ்டிமேட்டில் அது 6,000. வரம்பு 4,000. வித்தியாசம் நாளுக்கு 2,000, நாலு நாளைக்கு 8,000. அதோடு முடிந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். "அம்மா வசதியா இருக்கட்டும், எட்டாயிரம் போனால் போகட்டும்" என்றுதான் நினைப்போம். பெரும்பாலான குடும்பங்கள் தனி அறைக்குக் கையெழுத்துப் போடுவது இந்த எட்டாயிரத்தை மனதில் வைத்துத்தான்.

ஆனால் பாலிசியின் உள்ளே இன்னொரு விதி இருக்கிறது: விகிதாசாரக் கழிவு. நீங்கள் எடுத்த அறைக்கு எந்த விகிதத்தில் வரம்பு இருக்கிறதோ, அதே விகிதத்தில்தான் அறையைச் சார்ந்த மற்றக் கட்டணங்களும் தரப்படும். 6,000-க்கு 4,000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இப்படி ஒரு விதி ஏன் என்றால், நம்மூர்த் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அறையின் வகையை வைத்துத்தான் மற்றக் கட்டணமும் ஏறுகிறது. அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே ஒன்றரை மணி நேரம். ஆனால் ஜெனரல் வார்டு நோயாளிக்கு ஒரு கட்டணம், ஷேரிங் அறைக்கு ஒன்று, தனி அறைக்கு ஒன்று. நீங்கள் மேல்வகை அறையைத் தேர்ந்தெடுத்ததால் கூடிய செலவை நான் ஏன் ஏற்க வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அறையால் உண்மையில் எவ்வளவு கூடியதோ அதைவிட அதிகமாகவே வெட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கீழே கணக்கில் அது தெரியும்.

உங்கள் எஸ்டிமேட்டில் இந்த வெட்டு விழும் இடம் அந்த 99,000 ரூபாய் வரி. சர்ஜன், உதவி சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், விசிட், பிசியோ எல்லாம் அதில் வருகின்றன. மூன்றில் இரண்டு பங்கு 66,000. மீதி 33,000 உங்கள் தலையில். அறைக்காகக் கூடுதலாகப் போவது எட்டாயிரம் என்று நினைத்த இடத்தில் நாற்பத்தோராயிரம் ஆகிவிட்டது.

இந்த வெட்டு எதன்மேல் விழக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. மருந்து மற்றும் டிஸ்போசபிள் பொருட்கள், இம்ப்ளான்ட் மற்றும் மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகிய மூன்றிலும் விகிதாசாரக் கழிவு கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் கழிவே கூடாது. சில கட்டணங்கள் மட்டும் எல்லா அறைக்கும் ஒன்றுதான் என்றால் அந்தக் கட்டணங்களில் கூடாது. இந்தக் கடைசி வரி பலருக்குத் தெரியாது. பிசியோதெரபிக்கு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே கட்டணம்தான் என்றால், அதை பில்லிங் பிரிவில் ஒரு லெட்டராக வாங்கிக்கொண்டால், அந்த 3,000-இல் வெட்டியதைத் திரும்பக் கேட்கலாம். சர்ஜன் கட்டணமே அப்படி ஒன்றாக இருந்தால் பெரிய தொகை மிச்சம். கேட்டுப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி. ஐ.சி.யூ. தவிர்த்த அறைக்கு வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 5% வரி உண்டு. தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும். 5,400-க்கு நாளுக்கு 270. அறை வாடகையே வரம்பை மீறிவிட்டதால் இந்த 1,080-உம் உங்களுடையதுதான்.

அடுத்து இம்ப்ளான்ட். எஸ்டிமேட்டில் "இம்ப்ளான்ட் 56,000" என்று மொட்டையாக இருக்கிறது. எந்த உலோகம், எந்த கம்பெனி என்று இல்லை. முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் உச்ச விலை நிர்ணயித்தது. வழக்கமாக வைக்கும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு ஜிர்கோனியம் வகைக்கு 76,600. அதன்பின் விலைத் திருத்தங்கள் வந்திருக்கின்றன. உங்களிடம் கேட்கும் விலை 2017-இன் முதல் வரம்புக்கு 5% ஜி.எஸ்.டி. சேர்த்தாலே அடங்கிவிடுகிறது என்பதால் விலையில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அதே உத்தரவு, ஆஸ்பத்திரி பில்லில் இம்ப்ளான்ட்டின் விலையைத் தனியாகவும், பிராண்ட், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனம், பேட்ச் எண் முதலியவற்றோடும் காட்ட வேண்டும் என்கிறது. ஆகவே இப்போதே எந்த பிராண்ட் என்று எழுதி வாங்குங்கள்.

இதில் நடைமுறையில் சிக்கும் இடம் ஸ்டிக்கர். ஒரு முழங்காலுக்கு ஒரே பெட்டி வராது. தொடை எலும்பின் நுனிக்கு ஒன்று, கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஒரு தட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு, சில சமயம் முழங்கால் சில்லுக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் பேட்ச் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தியேட்டரில் பெட்டியைப் பிரித்ததும் அதை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கிளெய்முக்கு அந்த ஸ்டிக்கர் நகலும் இம்ப்ளான்ட் இன்வாய்ஸும் கேட்பார்கள். ஒரு ஸ்டிக்கர் விடுபட்டால் அந்தத் துண்டின் விலைக்குக் கேள்வி வரும், டிஸ்சார்ஜ் அன்று மாலை வரை இழுக்கும். அறுவை முடிந்த மறுநாளே வார்டு நர்ஸிடம் கேட்டு ஸ்டிக்கர் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அந்த மூட்டில் ஏதாவது கோளாறு என்றாலும் டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

"ரோபோ வைத்துச் செய்யலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ரோபோ அறுவையை ஒட்டுமொத்தமாக மறுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ள கம்பெனிக்கு இடம் உண்டு. பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இனி, முழுதாகவே கிடைக்காதவை. இதற்கு ஆணையம் நாலு பட்டியல் வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பணமே கிடையாது: கையுறை, மாஸ்க், கிரேப் பேண்டேஜ், டயப்பர், இ.சி.ஜி. எலெக்ட்ரோடு, முழங்கால் பிரேஸ், வாக்கர், உடனிருப்பவரின் சாப்பாடு, தனியாக வைத்துக்கொள்ளும் நர்ஸ், இப்படி. மற்ற மூன்று பட்டியல்களில் உள்ளவை அறை வாடகையிலோ, அறுவைக் கட்டணத்திலோ, சிகிச்சைச் செலவிலோ ஏற்கெனவே அடங்கியவை என்று கணக்கு. ஃபைல் கட்டணம், அட்மிஷன் கிட், டிஸ்சார்ஜ் வேலைக்கான கட்டணம் எல்லாம் அறை வாடகைக்குள் அடக்கம். ரிஜிஸ்ட்ரேஷன் சிகிச்சைச் செலவுக்குள் அடக்கம். அதாவது ஆஸ்பத்திரி இவற்றைத் தனியாக பில் போட்டால் கம்பெனி தராது. அப்போது ஆஸ்பத்திரி உங்களிடம் கேட்கும். உங்கள் எஸ்டிமேட்டின் 2,420 ரூபாய் வரி இந்த ரகம். இதைக் குறைக்கச் சொல்லி நேரடியாகப் பேசலாம். சில இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள்.

பிரேஸும் வாக்கரும் சேர்ந்து 4,500. இவை எப்படியும் கைக்காசுதான். அப்படியிருக்க ஆஸ்பத்திரி பார்மசியிலேயே வாங்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. அளவைக் கேட்டுக்கொண்டு வெளியே சர்ஜிக்கல் கடையில் விசாரியுங்கள். வாக்கரை வாடகைக்கும் தருகிறார்கள். பிரேஸ் வேண்டுமா என்றே சர்ஜனிடம் ஒரு தடவை கேளுங்கள். எல்லோருக்கும் எழுதுவதில்லை.

டிஸ்போசபிள்ஸ் 16,000 என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு அவர்கள் கொடுத்த துணைத்தாளில் "ஆர்த்தோ கிட் 4,500" என்று ஒரே வரி இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இல்லை. விவரம் இல்லாத கிட் எதற்கும் பணம் கிடையாது என்று முதல் பட்டியலே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆர்த்தோ கிட் அதற்கு உதாரணமாகவே அங்கே நிற்கிறது. உள்ளே என்ன இருக்கும்? தையல் நூல், டிரெயின் குழாய், தியேட்டர் விரிப்பு, கையுறை, கவுன். தையல் நூலும் டிரெயினும் தனித்தனியாக பில் ஆனால் பொதுவாகத் தருகிறார்கள். கிட் என்று ஒரே பெயரில் கட்டிவிட்டதால் அவையும் சேர்ந்து போகின்றன. "இதைப் பிரித்துப் பொருள்வாரியாக பில் போடுங்கள்" என்று அறுவைக்கு முன்பே பார்மசியில் சொல்லுங்கள். பில் போட்ட பிறகு பிரிப்பது கஷ்டம். இந்த 4,500-உம் கையுறை, மாஸ்க், எலெக்ட்ரோடு, கிரேப் பேண்டேஜ் வகையில் ஒரு 2,500-உம் சேர்த்து 7,000 ரூபாய் தள்ளுபடி ஆகும் என்று நான் வைத்திருக்கிறேன். மீதி 9,000 கிடைக்கும்.

கடைசியாக கோ-பே, அதாவது கிளெய்மில் நீங்கள் போட வேண்டிய பங்கு. 60 வயதுக்கு மேல் பாலிசியில் சேர்ந்தவர்களுக்கு 10% என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அம்மா 61-இல் சேர்ந்திருக்கிறார். இந்த 10% மொத்த பில்லில் அல்ல, எல்லாக் கழிவும் போய் கம்பெனி ஒப்புக்கொள்ளும் தொகையில்.

இப்போது கணக்கை ஓட்டினால்: அறைக்கு 16,000, ஐ.சி.யூ. 8,000, டாக்டர்-தியேட்டர் வரியில் 66,000, இம்ப்ளான்ட்டும் சிமெண்டும் 62,000, மருந்து 24,000, டிஸ்போசபிள்ஸில் 9,000, பரிசோதனை 9,000. ஒப்புக்கொள்ளும் தொகை 1,94,000. அதில் கோ-பே 19,400 போக கம்பெனி தருவது 1,74,600. நீங்கள் கட்டுவது 75,400.

இதே அறுவையை, இதே ஆஸ்பத்திரியில், இருவர் தங்கும் அறையில் வைத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய கட்டண அட்டையில் ஷேரிங் அறை 3,000, நர்சிங் 500, ஆக 3,500. நாலு நாளைக்கு 14,000. வரம்புக்குள் இருக்கிறது, ஜி.எஸ்.டி. இல்லை. ஷேரிங் வகைக்கு டாக்டர்-தியேட்டர் கட்டணங்களும் இறங்கி 84,000 என்று அட்டையில் இருக்கிறது. மற்றவை மாறவில்லை. மொத்த பில் 2,23,920. விகிதாசாரக் கழிவே இல்லாததால் 84,000-உம் முழுதாக ஏற்கப்படும். ஒப்புக்கொள்ளும் தொகை 2,10,000, கோ-பே 21,000 போக கம்பெனி தருவது 1,89,000. நீங்கள் கட்டுவது 34,920.

பில் 26,080 ரூபாய் குறைந்தது, ஆனால் உங்கள் கைச்செலவு 40,480 குறைந்தது. மேலே சொன்னேனே, அறையால் கூடியதைவிட அதிகம் வெட்டுகிறார்கள் என்று, அது இதுதான். தனி அறையால் டாக்டர்-தியேட்டர் கட்டணம் கூடியது 15,000. அதற்காக வெட்டியது 33,000. ஆக அம்மாவின் தனி அறைக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை ஒரு ராத்திரிக்கு 10,120 ரூபாய். அது வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள், தப்பில்லை. இரவில் அடிக்கடி எழுந்து பாத்ரூம் போகிறவர், பக்கத்தில் மகள் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. 2,000 என்று நினைத்து எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

"ஷேரிங் ரூம் காலியில்லை, இப்போதைக்கு சிங்கிளில் போடுகிறோம்" என்று அட்மிஷன் அன்று சொல்வது அடிக்கடி நடக்கும். கம்பெனி அதைக் காரணமாக ஏற்காது, பில்லில் உள்ள அறை வாடகையை மட்டும் பார்க்கும். இது அவசர அறுவை இல்லை. காலியாகும் நாளுக்குத் தேதியைத் தள்ளலாம். அல்லது ஷேரிங் கட்டணத்திலேயே எல்லாவற்றையும் பில் செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டு சிங்கிளில் படுக்கலாம்.

இன்னொன்றும் விசாரியுங்கள்: அந்த ஆஸ்பத்திரிக்கும் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் முழங்கால் மாற்றுக்குப் பேக்கேஜ் கட்டணம் ஒப்பந்தம் இருக்கிறதா என்று. உங்களிடம் இருக்கும் எஸ்டிமேட் ரொக்கம் கட்டும் நோயாளிக்கான கட்டணத்தில் போட்டது போலத் தெரிகிறது. பேக்கேஜ் இருந்தால் அந்தக் கட்டணத்தில் புது எஸ்டிமேட் கேளுங்கள். ஒப்பந்தக் கட்டணத்துக்கும் ரொக்கக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களிடம் வாங்குவது பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்கே மாறானது. ஆனால் பேக்கேஜும் ஒரு குறிப்பிட்ட அறை வகைக்குத்தான் இருக்கும்.

எஸ்டிமேட்டுக்கும் இறுதி பில்லுக்கும் வித்தியாசம் எங்கிருந்து வரும்? முழங்கால் மாற்றில் சர்ஜன் கட்டணமும் இம்ப்ளான்ட்டும் அநேகமாக மாறாது. மாறுவது ஐ.சி.யூ. நாளும் மருந்தும்தான். சர்க்கரை கட்டுக்குள் வராமல் ஒரு நாள் கூடுதலாக ஐ.சி.யூ.வில் வைத்தால் 8,000 மட்டுமல்ல, அதோடு பரிசோதனையும் விசிட்டும் ஏறும். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அது தனி. உங்கள் எஸ்டிமேட்டில் ரத்தத்துக்கு வரியே இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். 10 முதல் 15 சதவீதம் கூடலாம் என்று வைத்துப் பணத்தைத் தயார் செய்யுங்கள்.

கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவதற்கான கேஷ்லெஸ் விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது: "இந்த நோய் எவ்வளவு காலமாக". மூட்டு மாற்றுக்குப் பல பாலிசிகளில் இரண்டு அல்லது மூன்று வருஷக் காத்திருப்பு உண்டு. உங்களுடையதில் இரண்டு, அது முடிந்துவிட்டது. ஆனால் ஓ.பி.யில் டாக்டர் கேட்கும்போது அம்மாக்கள் "பத்து வருஷமா முட்டி வலிங்க டாக்டர்" என்பார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். பாலிசிக்கு வயது நாலு, வலிக்கு வயது பத்து என்றால் "சேரும்போது ஏன் சொல்லவில்லை" என்று கேள்வி வரும், அனுமதி நிற்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. படியேறினால் எப்போதாவது வலிப்பது வேறு, எக்ஸ்ரே எடுத்து மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னது வேறு. முதல் எக்ஸ்ரே எந்த மாதம், எந்த வருஷம் என்று பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து, அதைச் சொல்லுங்கள். அந்த எக்ஸ்ரேவையும் கையோடு கொண்டுபோங்கள். அது பாலிசி எடுக்கும் முன்பே என்றால், அப்போது கொடுத்த பாலிசி விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டீர்களா என்று முதலில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

முதல் அனுமதி 1,20,000 என்றோ 1,00,000 என்றோ வந்தால் பயப்பட வேண்டாம். அது ஆரம்ப அனுமதி. இறுதி பில் போனதும் மீதிக்கு மறுபடி அனுமதி வரும். அதேபோல, முதல் அனுமதி வந்துவிட்டது என்பதற்காக மீதி நிச்சயம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள ஆணையத்தின் சுற்றறிக்கைப்படி ஆரம்ப அனுமதியை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்திலும் முடிவு செய்ய வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்து, அதனால் ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை போட்டால் அது கம்பெனியின் பொறுப்பு. நேரம் எண்ணப்படுவது ஆஸ்பத்திரி பில்லை அனுப்பியதிலிருந்து. காலை பத்து மணிக்கு டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றாலும், பார்மசி கணக்கு முடிந்து பில் போக மத்தியானம் ஆகிவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலமே வேண்டாத மருந்துகளைத் திருப்பிக் கொடுத்து பார்மசி கணக்கை முடிக்கச் சொன்னால் அந்தத் தாமதம் இருக்காது.

டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதிக் கடிதம் வந்ததும், பணம் கட்டும் முன் கழிவுப் பகுதியைப் படியுங்கள். இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை, ஐ.சி.யூ. எதிலாவது மூன்றில் ஒரு பங்கு வெட்டியிருந்தால் அது தவறு. டெஸ்க்கிலிருந்தே மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவசரத்தில் கட்டிவிட்டு வந்தாலும் பரவாயில்லை, ரசீதோடு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்தார்கள் என்றால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

ஒன்று விட்டுப்போனது. உங்கள் பாலிசியில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவுக்கும் இடம் இருக்கிறது. அறுவைக்கு முன் வெளி லேப்பில் எடுத்த டெஸ்ட், வீட்டுக்கு வந்தபின் வாங்கும் மாத்திரை எல்லாம் இதில் சேரும். பிசியோவை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்து, ரசீதில் தேதிவாரியாக எத்தனை அமர்வு என்று இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பில்லுக்கும் அதற்கான டாக்டர் சீட்டு வேண்டும். முழங்கால் மாற்றுக்குப் பிறகு பிசியோ வாரக்கணக்கில் போகும். வெள்ளைத்தாளில் "மொத்தம் 9,000 பெற்றேன்" என்று எழுதி வாங்கினால் அது குப்பைக்குத்தான் போகும்.